நிறுத்திய காணொலியிலிருந்து தெளிவான ஒரு படம்

ஏழாம் வகுப்பு அறிவியல் தேர்வுக்கு நான் தயாரித்த வினாத்தாளில், வெங்காயத் தோலின் செல் படம் ஒன்று இருந்தது. ஒரு செல்லின் உட்கருவை அம்புக்குறியால் காட்டி, அதன் பெயரையும் பணியையும் கேட்டிருந்தேன். தேர்வு தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் முதல் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், அம்பு எதைக் காட்டுது?" என்றாள். தாளை வாங்கிப் பார்த்தேன். அம்புக்குறியின் முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல்தான் இருந்தது. செல் சுவரும் உட்கருவும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. வகுப்பில் பாதிப் பேர் அந்த வினாவுக்கு விடை எழுதவில்லை. எழுதியவர்களில் சிலர் 'செல் சுவர்' என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் பார்த்த படத்துக்கு அது தவறான விடை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வினாவின் மதிப்பெண்ணை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, படம் எங்கே கெட்டது என்று தேட ஆரம்பித்தேன்.

மூலக் காணொலி நன்றாகத்தான் இருந்தது. நுண்ணோக்கியின் கண்ணருகு லென்சின் மேல் கைபேசியை வைத்து நானே எடுத்தது. சாஃப்ரனின் சாயம் ஏற்றிய தோல், அதில் வரிசையாக அடுக்கிய செல்கள், ஒவ்வொன்றிலும் சிவந்த உட்கரு. கணினியில் ஓட்டினால் கடைசி வரிசை மாணவருக்கும் தெரியும். ஆனால் அதை நிறுத்தி, விசைப்பலகையில் Print Screen அழுத்தி, வேர்டு கோப்பில் ஒட்டி, கைபேசிச் செய்தியாக அச்சுக்கு அனுப்பியிருந்தேன். இந்த ஒவ்வொரு படியிலும் படத்தின் விவரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோயிருக்கிறது. மிகப் பெரிய இழப்பு முதல் படியிலேயே நடந்துவிட்டது.

ஏன் என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். காணொலி என்பது வேகமாக மாறும் நிலைப்படங்களின் தொகுப்பு. ஒவ்வொரு நிலைப்படத்தையும் ஃபிரேம் என்கிறோம். என் காணொலியில் ஒரு ஃபிரேமின் அளவு 1920 × 1080 பிக்சல். அதாவது அகலவாக்கில் 1920 புள்ளிகள். என் மடிக்கணினியின் திரையோ 1366 × 768. காணொலியை முழுத்திரையில் ஓட்டினாலும் 1920 புள்ளிகளை 1366 புள்ளிகளுக்குள் சுருக்கித்தான் திரை காட்டும். அன்று நான் முழுத்திரையிலும் ஓட்டவில்லை. மேலே மெனு, கீழே பொத்தான்கள் தெரிய ஒரு சாளரத்தில் ஓடியது. காணொலிக்குக் கிடைத்த அகலம் ஏறக்குறைய 1000 புள்ளிகள். Print Screen பிடித்தது அந்த ஆயிரத்தைத்தான். கோப்புக்குள் இருந்த 1920-ஐ அது தொடவே இல்லை.

வினாவுக்குத் தேவைப்பட்டது முழுப்படம் அல்ல, ஒரு செல் மட்டும். அந்தச் செல் படத்தின் அகலத்தில் கால் பங்கு இருந்தது. கோப்பில் இருக்கும் ஃபிரேமில் அது 480 புள்ளிகள். நான் பிடித்த திரைப்படத்தில் 250 புள்ளிகள். வினாத்தாளில் அதை 8 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கினேன். 8 செ.மீ. என்பது 3.15 அங்குலம். 250-ஐ 3.15-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 79 புள்ளிகள். மூல ஃபிரேமாக இருந்தால் அங்குலத்துக்கு 152. அச்சில் 300 இருந்தால் படம் கூர்மையாக இருக்கும், 150 இருந்தால் வினாத்தாளுக்குப் போதும், 100-க்குக் கீழே போனால் ஓரங்கள் குழையும் என்பது நான் கையாளும் தோராய அளவு. உட்கரு அந்தச் செல்லின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. எனவே என் வினாவின் முழு விடையும் வெறும் 25 புள்ளிகளுக்குள் அடங்கியிருந்தது. அதன் பிறகு கைபேசிச் செய்தியும் ஒளிநகலும் அதன்மேல் வேலை செய்தன.

ஆகவே செய்ய வேண்டியது, திரையில் தெரிவதைப் பிடிக்காமல் கோப்புக்குள் இருக்கும் ஃபிரேமையே வெளியே எடுப்பது. பெரும்பாலான பள்ளிக் கணினிகளில் எளிதாக நிறுவிக்கொள்ளக்கூடிய வி.எல்.சி. பிளேயரிலேயே அதற்கு வழி இருக்கிறது. பாரிஸைச் சேர்ந்த வீடியோலான் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இதை இலவசமாகத் தருகிறது. பல ஆண்டுகளாக அதில் காணொலி ஓட்டியிருக்கிறேன். Video மெனுவின் உள்ளே Take Snapshot என்று ஒரு வரி இருப்பதை அந்தத் தேர்வுக்குப் பிறகுதான் கவனித்தேன்.

அதே வெங்காயத் தோல் காணொலியை எடுத்துக்கொண்டு, நான் இப்போது செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

கோப்பைத் திறந்ததும் முதலில் Ctrl+J அழுத்துகிறேன். Tools மெனுவில் Codec Information என்பதைச் சொடுக்கினாலும் அதே சாளரம் வரும். அதில் Video resolution என்ற வரியில் 1920x1080 என்றும், Frame rate என்ற வரியில் 30 என்றும் இருக்கிறது. இந்த இரண்டு எண்களும் பின்னால் தேவைப்படும். முதல் எண், நமக்குக் கிடைக்கப்போகும் படத்தின் உச்ச அளவு. எந்த மென்பொருளாலும் இதைவிட அதிக விவரம் தர முடியாது. இங்கே 640x360 என்று இருந்தால் அங்கேயே நின்று, இந்தக் காணொலியின் தரமான பதிப்பு வேறு எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். நாம் எடுத்த காணொலியே ஒரு குழுவில் பகிரப்பட்டுத் திரும்பி வந்தால் இப்படிச் சுருங்கியிருக்கும். மூலம் நம் கைபேசியிலேயே இருக்கும். தரவு கம்பி வழியாக அதை நேரடியாகக் கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது எண், ஒரு விநாடியில் எத்தனை ஃபிரேம்கள் என்பது. 30 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 33 மில்லி விநாடிதான் திரையில் நிற்கும். இடைவெளி விசையை அழுத்தி நிறுத்தும்போது, நாம் நினைத்த ஃபிரேமில் அது நிற்பது பெரும்பாலும் தற்செயல்தான். கண் பார்த்து, கை அழுத்துவதற்குள் ஆறேழு ஃபிரேம்கள் கடந்துபோயிருக்கும். அதனால் வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டு, E விசையை ஒவ்வொரு முறையாக அழுத்துகிறேன். ஒரு முறை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னால் நகரும். பின்னால் போக இப்படி ஒரு விசை இல்லை. தாண்டிப் போய்விட்டால் Shift விசையோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் மூன்று விநாடி பின்னால் போகும். அங்கிருந்து மறுபடி ஓட்டி நிறுத்தி, E அழுத்தி வர வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு படத்துக்கு ஓரிரு நிமிடம்தான் ஆகும்.

என் காணொலியில் நல்ல இடம் 1 நிமிடம் 52-ஆவது விநாடிக்கு அருகில் இருந்தது. அதற்கு முன் கண்ணாடிச் சில்லை நகர்த்திக்கொண்டிருந்தேன். 1:50-இல் நகர்த்துவது நின்றது. நின்றவுடன் வரும் ஃபிரேமை எடுத்துப் பார்த்தேன். அது தெளிவாக இல்லை, செல் சுவர் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. அரை விநாடி தள்ளி, அதாவது E விசையை ஒரு பதினைந்து முறை அழுத்தியபின் வந்த ஃபிரேமில் சுவரும் உட்கருவும் கூர்மையாக இருந்தன. கைபேசி, சில்லு இரண்டுமே அசையவில்லை, ஒளியும் மாறவில்லை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

காணொலி கோப்பு ஒவ்வொரு ஃபிரேமையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. அப்படிச் செய்தால் சில நிமிடக் காணொலியே கைபேசியை நிரப்பிவிடும். அவ்வப்போது ஒரு முழுப்படத்தைச் சேமித்துவிட்டு, இடைப்பட்ட ஃபிரேம்களில் முந்தையதிலிருந்து மாறியது என்ன என்பதை மட்டும் எழுதிக்கொள்கிறது. சில்லு நகரும்போது படம் முழுவதும் மாறுகிறது. எழுத வேண்டிய மாற்றம் அதிகம், ஒதுக்கிய இடமோ குறைவு. அதனால் நுண்ணிய விவரங்களை விட்டுவிட்டுப் பெரிய கட்டங்களாக எழுதிவிடுகிறது. காட்சி அசையாமல் நின்றபின் மாற்றம் குறைகிறது. மிச்சமுள்ள இடத்தில் விட்டுப்போன விவரங்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. எனவே அசைவு நின்ற கணத்தை எடுக்காமல், அதற்கு அரை விநாடியோ ஒரு விநாடியோ பிறகு எடுத்தால் தரம் கூடும். இதைத் தெரிந்துகொண்டபின் நான் பதிவு செய்யும் முறையும் மாறியது. காட்ட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் சில்லைத் தொடாமல் மூன்று எண்ணும்வரை நிறுத்துகிறேன்.

அதே காரணத்தால் இன்னொன்றும் நடக்கும். கீழே உள்ள நேரக்கோட்டைச் சொடுக்கி நடு இடத்துக்குத் தாவினால், சில கோப்புகளில் முதல் சில ஃபிரேம்கள் சாம்பல் பூத்தோ, கட்டங்கள் கலைந்தோ தெரியும். ஒரு முழுப்படம் வரும்வரை பிளேயருக்கு எதன்மீது மாற்றத்தைச் சேர்ப்பது என்று தெரியவில்லை என்பதே பொருள். அந்த நிலையில் படம் பிடிக்கக் கூடாது. இரண்டு, மூன்று விநாடி முன்னாலிருந்து ஓடவிட்டு நிறுத்தினால் சரியாகிவிடும்.

சரியான ஃபிரேமில் நின்றபின் Shift+S. அவ்வளவுதான். திரையின் மூலையில் சிறு படம் ஒன்று தோன்றி, கோப்பு எங்கே சேமிக்கப்பட்டது என்ற வரியும் ஒரு கணம் தெரியும். வின்டோஸில் இயல்பாகப் பயனரின் Pictures கோப்புறைக்குப் போகும். கோப்பின் பெயர் vlcsnap என்று தொடங்கி, நாம் பிடித்த தேதியையும் நேரத்தையும் கொண்டிருக்கும். அது காணொலியின் நேரம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பத்துப் படம் பிடித்தபின் எது எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாமல் திண்டாடியிருக்கிறேன். இதற்கு Tools மெனுவில் Preferences, அதில் Video பகுதிக்குப் போனால் கீழே Video snapshots என்று இருக்கும். Prefix என்ற கட்டத்தில் இப்படி மாற்றிவிட்டேன்:

```
$N-$T-
```

இனி காணொலியின் பெயரும், எந்த இடத்தில் பிடித்தோம் என்ற நேரமும் கோப்பின் பெயரிலேயே இருக்கும். அதே இடத்தில் Format என்பது png என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இயல்பாக அப்படித்தான் இருக்கும். jpg என்று மாற்றியிருந்தால், ஏற்கெனவே ஒருமுறை சுருக்கிய காணொலியிலிருந்து எடுத்த படத்தை மறுபடி சுருக்குவதாகும். பி.என்.ஜி. எதையும் விடாமல் சேமிக்கும். 1920 × 1080 படத்துக்குச் சில மெகாபைட் ஆகும். பள்ளிக் கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

பிடித்த படம் உண்மையிலேயே முழுத்தரத்தில் வந்ததா என்று உறுதி செய்ய ஒரே ஒரு சோதனை போதும். கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து, Properties, பிறகு Details. அங்கே Dimensions என்பதில் 1920 x 1080 என்று இருந்தால், Ctrl+J காட்டிய எண்ணோடு பொருந்துகிறது. 1366 x 768 என்று உங்கள் திரையின் அளவு இருந்தால், பழக்கதோஷத்தில் Print Screen அழுத்திவிட்டீர்கள் என்று பொருள். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். காணொலியே 640 × 360 ஆக இருந்து, அதை முழுத்திரையில் ஓட்டித் திரையைப் பிடித்தால், 1366 புள்ளி அகலத்தில் பெரிய படம் கிடைக்கும். எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. 640 புள்ளிகளை இழுத்து 1366 ஆக்கியிருக்கிறார்கள், அளவு கூடியது, விவரம் கூடவில்லை.

சப்டைட்டில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த எழுத்துகளும் படத்தில் விழுந்துவிடும். வினாத்தாளுக்கு எடுக்கும்போது இது ஆபத்து. விடையே படத்தின் கீழ் எழுதப்பட்டிருக்கலாம்! Subtitle மெனுவில் Sub Track என்பதில் Disable கொடுத்துவிட்டுப் பிடிக்க வேண்டும். காணொலியைத் தயாரித்தவரே படத்தோடு சேர்த்துப் பதித்த எழுத்துகளை இப்படி நீக்க முடியாது.

சில கணினிகளில் Shift+S அழுத்தினால் படம் கறுப்பாகவோ பச்சையாகவோ வரும். காணொலியை விரிக்கும் வேலையைத் திரை அட்டைக்கு ஒப்படைத்திருப்பதால் இப்படி ஆகலாம். Preferences-இல் Input / Codecs பகுதியில் Hardware-accelerated decoding என்பதை Disable என்று மாற்றி, வி.எல்.சி.யை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகும். பழைய கணினியில் அப்போது காணொலி கொஞ்சம் தட்டித் தடுமாறி ஓடும். நாம் நிறுத்தித்தானே பிடிக்கப் போகிறோம், அதனால் பாதகமில்லை.

பழைய கல்விக் குறுந்தகடுகள், தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த நிகழ்ச்சிகள் ஆகியவற்றில் வேறொரு குறை வரும். நிறுத்திப் பார்த்தால் அசையும் பொருளின் ஓரம் சீப்புப் பற்களைப்போலக் கிடைக்கோடுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு ஃபிரேமின் ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு கணத்திலும், இரட்டைப்படைக் கோடுகளை ஐம்பதில் ஒரு விநாடி கழித்தும் படம்பிடித்து ஒன்றாக நெய்ததால் வருவது இது. ஊசல் ஆடும் காட்சியை நிறுத்தினால் குண்டு இரண்டு இடத்தில் இருப்பதுபோல் தெரியும். Video மெனுவில் Deinterlace என்பதை On செய்தால் பிளேயர் இரண்டில் ஒரு பாதியை வைத்துக்கொண்டோ, இரண்டையும் கலந்தோ படத்தைச் சீராக்கும். D விசையும் இதையே செய்யும். ஆனால் மேல்கீழ் விவரத்தில் ஒரு பகுதியை இழக்கிறோம். எனவே பொருள் அசையாமல் இருக்கும் ஒரு ஃபிரேம் கிடைத்தால், இதை Off செய்துவிட்டு அதையே எடுப்பது நல்லது.

இணையத்தில் மட்டும் இருக்கும் காணொலிகளுக்கு வி.எல்.சி. வழி உதவாது. உலாவியில் ஓடும் காணொலி, இணைய வேகத்துக்கு ஏற்பத் தன் தரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் நிறுத்திய கணத்தில் அது 360 தரத்தில் இருந்திருக்கலாம். எனவே முதலில் பற்சக்கரக் குறியில் தரத்தை 1080 என்று அமைத்து, சில விநாடி ஓடவிட வேண்டும். குரோம் உலாவியின் புதிய பதிப்புகளில் நிறுத்திய காணொலியின் மேல் வலது சொடுக்கு செய்தால் Save video frame as என்ற வரி வரும். ஃபயர்ஃபாக்ஸில் Take Snapshot என்று இருக்கும். யூடியூப்பில் முதல் வலது சொடுக்குக்கு யூடியூப்பின் சொந்த மெனுதான் திறக்கும், இரண்டாம் முறை சொடுக்கினால் உலாவியின் மெனு வரும். இதுவும் திரையைப் பிடிப்பதில்லை, ஓடும் தரத்தின் ஃபிரேமைத்தான் எடுக்கிறது. பிறர் எடுத்த காணொலி என்றால் அதன் உரிமை அவருடையது. வகுப்பறைக்கு வெளியே போகும் வினாத்தாளிலோ கையேட்டிலோ சேர்ப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கவே நான் சொந்தக் காணொலியைப் பயன்படுத்துகிறேன்.

கணினியில் தட்டச்சு செய்து கட்டளையிடப் பழகியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவசக் கருவியை நிறுவிவிட்டு, காணொலி இருக்கும் கோப்புறையில் இப்படி எழுதினால் போதும்:

```
ffmpeg -ss 00:01:52.400 -i vengayam.mp4 -frames:v 1 karu.png
```

-ss என்பதற்குப் பின் வருவது நேரம், 1 நிமிடம் 52.4 விநாடி. -frames:v 1 என்பது ஒரே ஒரு ஃபிரேம் போதும் என்று சொல்கிறது. வி.எல்.சி. நேரத்தை விநாடி அளவில்தான் காட்டும், இதில் விநாடியின் பின்னத்தையும் கொடுக்கலாம். .400 என்பதை .433, .467 என்று மாற்றி மாற்றி அடுத்தடுத்த ஃபிரேம்களை எடுத்து ஒப்பிடுவேன். ஒரே காணொலியிலிருந்து பல படங்கள் வேண்டுமென்றால் மட்டும்தான் இதைத் தொடுகிறேன். ஒரு படத்துக்கு E விசையும் Shift+S-உம் போதும்.

இத்தனை கவனமாக எடுத்த படத்தை வினாத்தாள் போய்ச்சேரும் வழியில் மறுபடி இழந்துவிடலாம். எனக்கு இது இரண்டாவது முறையும் நேர்ந்தது. வேர்டு, கோப்பைச் சேமிக்கும்போது படங்களைத் தானாகச் சுருக்கிவிடும் பழக்கம் உள்ளது. File, Options, Advanced என்று போய், Image Size and Quality பகுதியில் Do not compress images in file என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். படத்தைச் செதுக்குவதையும் வேர்டிலேயே செய்யலாம், அதனால் கேடு இல்லை. ஆனால் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கும்போது, அங்குலத்துக்கு எத்தனை புள்ளி மிஞ்சும் என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1920 புள்ளி அகலமுள்ள முழுப்படத்தை 16 செ.மீ. அகலத்துக்கு வைத்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 300 கிடைக்கும். ஏ4 தாளின் ஓரம்போக மிஞ்சும் அகலம் அவ்வளவுதான். அதில் கால் பங்கைச் செதுக்கி அதே 16 செ.மீ.க்கு இழுத்தால் 75-தான். என் ஒற்றைச் செல்லை 8 செ.மீ.க்கு மேல் பெரிதாக்காததற்கு இதுவே காரணம்.

அச்சுக்கு அனுப்பும்போதும் கைபேசிச் செய்தியில் படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கும். Document என்ற வழியில், கோப்பாக அனுப்பினால் அப்படியே போகும். மின்னஞ்சலில் இணைத்தாலும் சரி.

எங்கள் பள்ளியில் வினாத்தாள் கறுப்பு வெள்ளையில்தான் நகலெடுக்கப்படுகிறது. இது நான் கடைசியாகக் கண்டுபிடித்த பொறி. சாஃப்ரனின் ஏற்றிய உட்கருவும் அதைச் சுற்றியுள்ள இளஞ்சிவப்புப் பகுதியும் திரையில் எளிதாக வேறுபடுகின்றன. வண்ணத்தை நீக்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் ஆகிவிடலாம். ஃபிரேம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இதற்கு உதவாது. அதனால் படத்தை வேர்டில் ஒட்டியதும் Picture Format பகுதியில் Color என்பதைத் திறந்து, Grayscale தேர்ந்தெடுத்துப் பார்க்கிறேன். உட்கரு தெரியவில்லை என்றால் Corrections என்பதில் Contrast-ஐ 20 அல்லது 40 சதவீதம் கூட்டுகிறேன். அதற்கும் மசியாவிட்டால் அயோடின் சாயம் ஏற்றிய வேறொரு காணொலியில் தேடுகிறேன். எல்லோருக்கும் நகலெடுக்கும் முன் ஒரே ஒரு தாளை எடுத்து, சன்னல் ஓரம் இல்லாமல் வகுப்பின் உள்பக்கம் உட்கார்ந்து பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. அங்கேதான் பிள்ளைகள் தேர்வு எழுதுகிறார்கள்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். 1920 × 1080 ஃபிரேம் என்பது மொத்தம் இருபது இலட்சம் பிக்சல்தான். அதே கைபேசி நிழற்படமாக எடுத்தால் ஒரு கோடிக்கு மேல் தரும். நுண்ணோக்கி நம் கையிலேயே இருக்கும்போது, காணொலி எடுத்த கையோடு இரண்டு நிழற்படமும் எடுத்துவைப்பதே மேல். ஃபிரேமை வெளியே எடுக்கும் வேலை, திரும்பக் கிடைக்காத காட்சிகளுக்கு உரியது. சாயம் தோலில் பரவும் கணம், ஈஸ்ட் செல் அரும்பு விடுவது, பாரமீசியம் ஓடும்போது ஒரு நொடி திரும்பி நிற்பது, சென்ற ஆண்டு எடுத்துவிட்டுச் சில்லைக் கழுவி வைத்துவிட்ட பதிவு ஆகியவை அப்படிப்பட்டவை. என் வெங்காயத் தோலும் அன்று கழுவப்பட்டுவிட்டது, காணொலி மட்டுமே மிஞ்சியிருந்தது.

அடுத்த பருவத்தில் அதே வினாவை, அதே காணொலியின் அதே இடத்திலிருந்து எடுத்த படத்தோடு மறுபடி கேட்டேன். இந்த முறை அம்பு எதைக் காட்டுகிறது என்று யாரும் எழுந்து கேட்கவில்லை. ஒரு மாணவன் மட்டும் விடையை எழுதிவிட்டு, தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்ன வட்டம் ஒன்று வரைந்து, "டீச்சர், செல்லுக்குப் பக்கத்துல கறுப்பு விளிம்போட உருண்டையா இருக்கே, அது என்ன?" என்று எழுதியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். மூடுவில்லையை வைக்கும்போது நான் சாய்வாக இறக்காததால் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி.